‘விரும்பினால் அனுப்பலாம்’: ஒரு லண்டன் வங்கியின் பதில் ரஷ்ய மொழிக்குப் போனபோது

லண்டனில் கிளை வைத்திருக்கும் ஒரு வங்கி, ரஷ்ய மொழி பேசும் வாடிக்கையாளர் ஒருவரின் புகாருக்கு எழுதிய பதிலைப் பற்றியது இந்த ஆய்வு. வங்கியின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் இதில் வராது. இந்த வகைக் கோப்புகளில் வழக்கமாக நடப்பவற்றை ஒரே வழக்காகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். தொகைகளும் சம்பவத் தேதிகளும் அப்படி அமைத்துக்கொண்டவைதான். பிரிட்டிஷ் சட்ட விதிகளும் காலக்கெடுக்களும் மட்டும் உள்ளது உள்ளபடி.

வாடிக்கையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. லாட்வியாவில் பிறந்தவர், வீட்டு மொழி ரஷ்யன். வேலையிடத்தில் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வரும், வங்கிக் கடிதத்தின் ஆங்கிலம் வராது. 2025 பிப்ரவரி 11 மதியம் 2.05 மணிக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கார்டைச் செருகி, பின் நம்பர் அடித்துப் பணம் கட்டியிருக்கிறார். வெளியே வருவதற்குள் பையிலிருந்த பர்ஸ் போய்விட்டது. 2.31க்கு அருகிலிருந்த ஏடிஎம்மில் 250 பவுண்டு எடுக்கப்பட்டிருக்கிறது. அதன்பின் வெவ்வேறு கடைகளில் நான்கு முறை கார்டைத் தட்டிப் பொருள் வாங்கியதில் 84.60 பவுண்டு போயிருக்கிறது. அவர் வங்கிக்குப் போன் செய்து நெடுநேரம் காத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் மகள்தான் செயலி வழியாகக் கார்டை முடக்கினாள்.

வங்கி 84.60 பவுண்டை உடனே திருப்பித் தந்தது. 250ஐத் தர மறுத்தது. சரியான பின் நம்பர் முதல் முயற்சியிலேயே அடிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே அந்த எண்ணை அவரே யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும் அல்லது கார்டோடு எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது வங்கியின் வாதம். அவர் ரஷ்ய மொழியில் இரண்டு பக்கம் கையால் எழுதிப் புகார் அனுப்பினார். மார்ச் 3ஆம் தேதி அது வங்கிக்கு வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் பொதுவான வங்கிப் புகாருக்கு எட்டு வாரம் அவகாசம் உண்டு. ஆனால் கார்டு, பணப் பரிமாற்றம் போன்ற கட்டணச் சேவை தொடர்பான புகார் என்றால் 15 வேலை நாட்களுக்குள் இறுதிப் பதில் போக வேண்டும். வங்கியின் கைக்கு மீறிய காரணம் இருந்தால் மட்டும், அதை விளக்கி எழுதி, 35 வேலை நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் புகாருக்கான 15 வேலை நாட்கள் மார்ச் 24இல் முடிந்தன. வங்கி மார்ச் 20ஆம் தேதியே பதில் எழுதி, வெளி நிறுவனம் ஒன்றின் ரஷ்ய மொழிபெயர்ப்பையும் அதே உறையில் வைத்து அனுப்பிவிட்டது. காலக்கெடுவைப் பொறுத்தவரை வங்கிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆங்கிலக் கடிதம் சொன்னது சுருக்கமாக இதுதான். புகாரில் ஒரு பகுதி ஏற்கப்படுகிறது. தொலைபேசியில் காக்க வைத்ததற்கும் மொழிபெயர்ப்பாளர் தராததற்கும் 50 பவுண்டு தரப்படும். 250 பவுண்டு குறித்த முடிவு இப்போதைக்கு மாறாது, ஆனால் போலீஸ் புகார் எண்ணையும், கார்டும் பின் நம்பரும் எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தன என்ற விளக்கத்தையும் ஏப்ரல் 3க்குள் அனுப்பினால் வங்கி மறுபடி பார்க்கும். இந்தப் பதில் திருப்தி தராவிட்டால் ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்புக்கு, அதாவது ஆம்பட்ஸ்மேனிடம், போகலாம்.

ஏப்ரல் 3 வந்தது, போனது. எதுவும் வரவில்லை. ஏப்ரல் 8ஆம் தேதி அந்தப் பெண்மணி மகளோடு கிளைக்கே வந்தார், கோபமாக. அவர் மூன்று விஷயங்கள் சொன்னதாகக் கோப்பில் குறிப்பு இருக்கிறது. ‘எனக்கு விருப்பமிருந்தால் ஏதோ அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு விருப்பமில்லை, பணத்தைக் கொடுங்கள்.’ ‘குறைதீர்ப்பாளர் உங்கள் அனுமதி இல்லாமல் என் புகாரைத் தொட முடியாதாமே, அப்படியென்றால் அவர் உங்கள் ஆள்தானே?’ ‘மனவேதனைக்கு நஷ்டஈடு தருகிறோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, 250ஐ மட்டும் எப்படி மறுக்கிறீர்கள்?’

மூன்று கேள்விகளும் ரஷ்ய மொழிபெயர்ப்பிலிருந்தே பிறந்தவை. ஆங்கில மூலத்தைப் படித்தவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தோன்றியிருக்காது. அதே நேரம் மொழிபெயர்ப்பில் இலக்கணப் பிழை என்று எதுவும் கிடையாது. வாக்கியத்துக்கு வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கோப்பு ஆய்வுக்கு உகந்தது.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலத்தில் மரியாதையாக ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால், கேட்பதையே மெலிதாக்கிவிடுவார்கள். ‘நீங்கள் விரும்பக்கூடும்’, ‘அனுப்ப முடிந்தால் உதவியாக இருக்கும்’ என்றெல்லாம் வரும். ஆங்கிலேயர் அதைப் படித்ததும் ‘அனுப்பியாக வேண்டும்’ என்று புரிந்துகொள்வார். ரஷ்ய அலுவலக மொழியில் மரியாதை வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. விளிப்பில், ‘வி’ என்ற பன்மை முன்னிலைப் பெயரில், அதைப் பெரிய எழுத்தில் தொடங்குவதில், ‘தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்ற வினையில். நம் ‘நீங்கள்’, ‘தாங்கள்’ வேலை செய்யும் விதத்தோடு இது நன்றாகவே ஒத்துப்போகும். இவ்வளவும் அமைந்துவிட்டால், அடுத்து வரும் கோரிக்கை நேராக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ‘இன்ன ஆவணத்தை இன்ன தேதிக்குள் அனுப்புமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்பது ரஷ்ய காதுக்கு முழு மரியாதையான வாக்கியம். அதில் அதட்டல் இல்லை.

முதல் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில மெலிவை அப்படியே கொண்டுபோனார். ‘தாங்கள் ஒருவேளை கூடுதல் தகவல்களை வழங்க விரும்பலாம்’ என்ற வாக்கியம் ரஷ்ய மொழியில் உண்மையாகவே ஒரு விருப்பத்தேர்வு. செய்தாலும் சரி, விட்டாலும் சரி. அதற்கு முந்தைய பத்தியில் ‘இது எங்கள் இறுதிப் பதில்’ என்றும் இருந்ததால், ‘முடிந்துபோன விஷயத்துக்கு எதற்கு ஆவணம்?’ என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அந்த ஆவணங்களை அனுப்பினால்தான் 250 பவுண்டு பற்றிய முடிவு மறுபடி பார்க்கப்படும் என்ற தொடர்பு அந்த இடத்தில் வெளிப்படையாக இல்லை. ஆங்கிலத்திலும் அது இரண்டு பத்தி தள்ளித்தான் வருகிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியமானது. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம், இறுதிப் பதில் கடிதத்தில் குறைதீர்ப்பாளர் பற்றி இடம்பெற வேண்டிய வாசகத்தை அச்சாகவே வகுத்துத் தந்திருக்கிறது. வங்கிகள் அதை வரி மாற்றாமல் ஒட்டிவிடுவார்கள். அதில் ஓர் இடம் இப்படிப் போகும்: உரிய காலத்தில் புகாரைக் கொண்டுபோகாவிட்டால், அதைப் பரிசீலிக்க குறைதீர்ப்பாளருக்கு எங்கள் அனுமதி இருக்காது, ஆகவே மிகக் குறுகிய சூழ்நிலைகளில் மட்டுமே அவரால் அதை எடுத்துக்கொள்ள முடியும்.

விதியின் பொருள் எளிது. ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டால் குறைதீர்ப்பாளர் பொதுவாகப் புகாரை எடுக்க மாட்டார். தாமதத்துக்கு அசாதாரணக் காரணம் இருந்தால் எடுப்பார், அல்லது வங்கியே ‘பரவாயில்லை, பாருங்கள்’ என்று ஒப்புக்கொண்டால் எடுப்பார். அந்த ஒப்புதலை இந்த வங்கி தரப்போவதில்லை என்பதைத்தான் அந்த வாசகம் முன்கூட்டியே சொல்கிறது. இது தாமதமாக வரும் புகாருக்கு மட்டும் பொருந்தும். ‘அனுமதி’ என்ற சொல்லை ரஷ்ய மொழியில் நேராக வைத்தால், மேலிடத்து அதிகாரி கீழே இருப்பவருக்குக் கொடுக்கும் அனுமதியாக அது ஒலிக்கிறது. ‘உரிய காலத்தில்’ என்ற நிபந்தனை வாக்கியத்தின் இன்னொரு மூலையில் கிடந்ததால், படிப்பவர் கண்ணில் படுவது ‘வங்கியின் அனுமதி இல்லாமல் குறைதீர்ப்பாளர் பார்க்க மாட்டார்’ என்பது மட்டுமே. அரசு அலுவலகங்களின் மேல் இயல்பாகவே ஐயம் கொண்ட ஒரு தலைமுறைக்கு அது போதும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ரஷ்யாவிலேயே ‘நிதி உபால்னமோசென்னி’ என்று ஒரு பதவி இருக்கிறது. 2018இல் வந்த சட்டத்தின்படி அமைந்தது, பேச்சுவழக்கில் அவரையும் ஆம்பட்ஸ்மேன் என்பார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் தகராறுகளில் நீதிமன்றம் போவதற்கு முன் அவரிடம் போயே ஆக வேண்டும். பிரிட்டனில் அப்படிக் கட்டாயம் இல்லை. அதோடு, குறைதீர்ப்பாளரின் இறுதித் தீர்ப்பை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும், அவர் ஏற்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும் வழி அவருக்குத் திறந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ரஷ்யப் பதவிப் பெயரையே போட்டால் அந்நாட்டு விதிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்தப் பெண்மணி லாட்வியாக்காரர், ரஷ்யாவின் அமைப்போடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ரஷ்ய மொழி பேசுபவர் என்றால் ரஷ்யா என்று எடுத்துக்கொள்வது புகார்ப் பிரிவுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. திருத்திய கடிதத்தில் ‘ஆம்பட்ஸ்மேன்’ என்ற சொல்லையே வைத்து, பக்கத்தில் `Financial Ombudsman Service` என்று ஆங்கிலப் பெயரையும் கொடுத்தார்கள். தேடுபொறியில் அவர் தட்டப்போவது அந்தப் பெயரைத்தானே.

மூன்றாவது கேள்வி அந்த 50 பவுண்டு பற்றியது. ஆங்கிலத்தில் ‘ஏற்பட்ட மனச்சங்கடத்துக்கும் அசௌகரியத்துக்கும்’ என்று ஒரு வழக்கமான தொடர் உண்டு. குறைதீர்ப்பாளர் அமைப்பும் இதே தொடரைத்தான் பயன்படுத்துகிறது. முதல் மொழிபெயர்ப்பில் இது ‘மோரல்னி வ்ரேத்’ ஆகிவிட்டது. ரஷ்ய குடிமைச் சட்டத்தின் 151ஆம் பிரிவு பேசும் மனவேதனை நஷ்டஈட்டுக்கான சொல் அது. ஒருவர் இன்னொருவரின் உரிமையை மீறியபோது நீதிமன்றம் விதிக்கும் நஷ்டஈடு. வங்கி அதைத் தானாக எழுதினால், படிப்பவர் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்’ என்றுதான் முடிவு செய்வார். தொலைபேசியில் காக்க வைத்ததற்கான 50 பவுண்டு, திருட்டுக்கே வங்கி பொறுப்பு என்ற ஒப்புதலாக மாறியது இப்படித்தான். திருத்தத்தில் ‘தொலைபேசியில் தங்களைக் காக்க வைத்ததாலும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யாததாலும் ஏற்பட்ட அசௌகரியத்துக்காக’ என்று காரணத்தையே எழுதிவிட்டார்கள். எந்தச் சொல் என்ற சண்டையே அதோடு தீர்ந்தது.

சரி, வங்கி என்ன செய்தது? கடிதத்தை மொழிபெயர்ப்புப் பிழை என்று ஒதுக்கிவிட்டு ஆங்கில மூலத்தைக் காட்டியிருக்கலாம். ரஷ்யப் பிரதியின் அடியில் ‘வேறுபாடு இருந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்’ என்ற வரி இருக்கத்தான் செய்தது. அந்த வரி சட்டப்படி சரியானதுதான், ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023 ஜூலை 31 முதல் நடப்பிலிருக்கும் நுகர்வோர் கடமை விதிகள், வங்கி அனுப்பும் செய்தி அதைப் பெறுபவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்கின்றன. ஆங்கிலம் படிக்க முடியாது என்பதற்காகவே ரஷ்ய மொழியில் அனுப்பிவிட்டு, தகராறு என்றதும் ஆங்கிலத்தைப் படி என்பது எப்படி நியாயமாகும்?

வங்கி முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதியது. இந்த முறை வரிசை வேறு. முதலில் ஆங்கில மூலத்தையே திருத்தி, முடிவு, பணம், அடுத்து என்ன என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்தார்கள். அதன்பிறகுதான் ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோனார்கள். மூலத்தில் புதைந்துகிடக்கும் நிபந்தனையை மொழிபெயர்ப்பாளர் தோண்டி எடுக்க முடியாது, எடுத்தால் தன் அதிகாரத்தை மீறுகிறார் என்று ஆகிவிடும். அதை வங்கிதான் செய்ய வேண்டும்.

விளிப்பில் தொடங்கினார்கள். ரஷ்ய மொழியில் மதிப்பான விளிப்பு என்றால் பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்ந்து வரும். லாட்விய ஆவணங்களில் தந்தைவழிப் பெயர் இருப்பதில்லை, வங்கிப் பதிவிலும் இல்லை. ஊகித்துப் போடுவதற்கு இது இடமில்லை. அவருடைய கையெழுத்துப் புகாரின் அடியைப் பார்த்தால் போதும்: பெயரும் குடும்பப் பெயரும் மட்டும் போட்டிருந்தார். ஆகவே ‘மதிப்பிற்குரிய திருமதி’ என்று பொருள்படும் விளிப்போடு குடும்பப் பெயர், அதுவும் அவரே சிரிலிக் எழுத்தில் எழுதியிருந்த வடிவத்தில். முகவரிப் பகுதியில் கணக்கில் உள்ளபடி லத்தீன் எழுத்து. முதல் கடிதத்தில் குடும்பப் பெயரை லத்தீனிலிருந்து ஒலிபெயர்த்ததில் ஆண்பால் ஈறு விழுந்திருந்தது. அவர் அதைக் கிளையில் சொல்லவில்லை, மகள்தான் சொன்னாள்.

அடுத்தது, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பத்தி. முதல் கடிதத்தில் ‘தாங்கள் வாதிடுகிறீர்கள்’ என்ற பொருள்படும் வினை வந்திருந்தது. ரஷ்ய மொழியில் அதற்குள் ‘நாங்கள் நம்பவில்லை’ என்ற தொனி ஒளிந்திருக்கிறது. ‘தாங்கள் தெரிவித்துள்ளீர்கள்’ என்று மாற்றியதும் அது போய்விட்டது. ‘ஷாலபா’ என்றால் குறைகூறும் புகார், ‘அப்ரஷேனியே’ என்றால் அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பம் என்ற பொதுச்சொல். ரஷ்ய வங்கிகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எழுதும், கொஞ்சம் மென்மையாக இருக்கும் என்பதால். இங்கே முதல் பத்தியில் இரண்டாவதை வைத்து, முடிவு வரும் இடத்தில் முதலாவதையே வைத்தார்கள். குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டுமென்றால் அது புகார் என்று பதிவானதாக இருக்க வேண்டும், மென்மைக்காக அதை மறைக்கக் கூடாது.

அப்புறம் தேதிகள். ரஷ்ய மொழியில் ‘தோ’ என்ற முன்னிடைச்சொல்லோடு ஒரு தேதியைப் போட்டால், அந்தத் தேதி உள்ளே வருமா வராதா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே சண்டை வரும். ‘தோ 3 ஏப்ரல்’ என்றால் ஏப்ரல் 2 இரவோடு முடிகிறது என்பார் ஒருவர், 3ஆம் தேதி மாலை வரை என்பார் இன்னொருவர். ஒப்பந்தம் எழுதுபவர்கள் இதற்குப் பயந்தே ‘அந்நாளும் உட்பட’ என்று சேர்ப்பார்கள், அல்லது ‘இன்ன தேதிக்குப் பிந்தாமல்’ என்று எழுதுவார்கள். திருத்திய கடிதத்தில் எல்லாக் கெடுவும் இரண்டாவது வடிவத்தில், மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு, ஆண்டோடு வந்தது. ‘14 நாட்களுக்குள்’ போன்ற கணக்கு எங்கும் வைக்கப்படவில்லை. எந்த நாளிலிருந்து, வேலை நாளா நாட்காட்டி நாளா என்ற கேள்விகளை வாடிக்கையாளரிடம் எதற்குத் தள்ள வேண்டும்?

புதிய கடிதம் ஏப்ரல் 15ஆம் தேதியிட்டது. ஆவணங்களுக்கான கெடு மே 2. இரண்டு வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் இடையில் ஈஸ்டர். 2025இல் மேற்கத்திய ஈஸ்டரும் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரும் ஒரே நாளில், ஏப்ரல் 20இல் விழுந்தன. வங்கிக்கும் விடுமுறை, அவர் வீட்டிலும் பண்டிகை.

இங்கே வங்கி இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. ஆறு மாதக் கெடு, இறுதிப் பதில் அனுப்பிய நாளிலிருந்து ஓடுகிறது. மார்ச் 20 கடிதத்தின்படி அது செப்டம்பர் 20இல் முடியும். அதன்பின் வங்கியோடு எத்தனை கடிதம் பரிமாறினாலும் அந்தக் கடிகாரம் பொதுவாக நிற்பதில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்: ‘வங்கி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறதே’ என்று காத்திருந்து, கெடு தாண்டியபின் குறைதீர்ப்பாளரிடம் போவார்கள். இந்த வழக்கில் வங்கி, பழைய கடிதம் புரியும்படி இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஏப்ரல் 15 கடிதமே தன் இறுதிப் பதில் என்றும், ஆறு மாதம் அன்றிலிருந்தே கணக்கு என்றும் எழுத்தில் கொடுத்தது. கடைசி நாள் 2025 அக்டோபர் 15 என்று தேதியையே போட்டது.

ரஷ்யக் கடிதத்தின் முக்கியப் பகுதி தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

‘மதிப்பிற்குரிய திருமதி …,

2025 மார்ச் 3 அன்று எங்களுக்குக் கிடைத்த தங்கள் விண்ணப்பத்துக்குப் பதிலாக இதைத் தெரிவித்துக்கொள்கிறோம். மார்ச் 20 தேதியிட்ட எங்கள் கடிதம் தெளிவாக அமையவில்லை. அதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கோருகிறோம். இந்தக் கடிதம் அதற்குப் பதிலாக அமைகிறது.

தங்கள் புகாரை ஒரு பகுதி ஏற்கிறோம். 84.60 பவுண்டு தங்கள் கணக்கில் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்டுள்ளது. தொலைபேசியில் தங்களைக் காக்க வைத்ததாலும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யாததாலும் ஏற்பட்ட அசௌகரியத்துக்காக 50 பவுண்டு செலுத்துகிறோம். ஏப்ரல் 22க்குப் பிந்தாமல் அது தங்கள் கணக்கில் வரும். இதற்காகத் தாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இத்தொகையைப் பெறுவதால் குறைதீர்ப்பாளரிடம் செல்லும் தங்கள் உரிமை பாதிக்கப்படாது.

ஏடிஎம்மில் எடுக்கப்பட்ட 250 பவுண்டைத் திருப்பித் தர இப்போது எங்களிடம் உள்ள தகவல் போதவில்லை. இந்த முடிவை நாங்கள் மறுபடி பரிசீலிக்க, போலீஸ் புகார் எண்ணையும், அன்று கார்டு எங்கே இருந்தது, பின் நம்பர் எங்காவது எழுதப்பட்டிருந்ததா என்பதைத் தங்கள் சொற்களிலேயே எழுதிக் கையெழுத்திட்ட விளக்கத்தையும் 2025 மே 2க்குப் பிந்தாமல் அனுப்புமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ரஷ்ய மொழியிலேயே எழுதலாம். மே 16க்குப் பிந்தாமல் எங்கள் பதிலை எழுத்தில் அனுப்புவோம். அந்த ஆவணங்கள் கிடைக்காவிட்டால் இப்போதைய முடிவே நீடிக்கும்.

எங்கள் முடிவை ஏற்க முடியாவிட்டால், தாங்கள் நிதி ஆம்பட்ஸ்மேன் அமைப்பிடம் இலவசமாக முறையிடலாம். அது வங்கியைச் சாராத அமைப்பு. 2025 அக்டோபர் 15க்குப் பிந்தாமல் முறையிட வேண்டும். எங்களுக்கு ஆவணம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாலும் இந்தத் தேதி மாறாது. இத்தேதிக்குப் பின் வரும் புகாரைப் பரிசீலிக்க வங்கி ஒப்புதல் தராது. அப்போது அசாதாரணக் காரணம் இருந்தால் மட்டுமே அமைப்பு அதை எடுத்துக்கொள்ளும்.’

ஆணையத்தின் கட்டாய வாசகத்தை இப்படி விளக்கி எழுதலாமா என்று உள்ளே ஒரு விவாதம் நடந்தது. வாசகம் ஆங்கிலப் பிரதியில் வரி மாறாமல் இருந்தது, குறைதீர்ப்பாளரின் விளக்கத் துண்டறிக்கையும் உறையில் இருந்தது. ரஷ்யப் பிரதியில் பொருள் மாறாமல் நிபந்தனையை முன்னால் கொண்டுவந்தது மட்டும்தான் வேறுபாடு. சட்டப் பிரிவு அதற்கு ஒத்துக்கொண்டது.

கடிதத்தின் முடிவில் ஆங்கிலத்தில் ‘தயங்காமல் தொடர்புகொள்ளுங்கள்’ என்று இருந்ததை எடுத்துவிட்டார்கள். ரஷ்ய மொழியில் அது ‘வெட்கப்படாதீர்கள்’ என்று பெரியவரைப் பார்த்துச் சொல்வதுபோல விழுகிறது. அதற்குப் பதில் நேரடித் தொலைபேசி எண், வேலை நேரம், கோப்பு எண், ‘ரஷ்ய மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்குமாறு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்’ என்ற வரி. அந்த வார்த்தையையும் `Russian interpreter, please` என்று அப்படியே அச்சிட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் கடிதத்திலேயே மிகவும் பிடித்த வரி அது.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்தார்கள். கோப்பைப் பற்றி எதுவும் தெரியாத, ரஷ்ய மொழி பேசும் ஊழியர் ஒருவரிடம் ரஷ்யப் பிரதியை மட்டும் கொடுத்து, மூன்று கேள்வி கேட்டார்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும். இரண்டுக்குச் சரியாகப் பதில் வந்தது. மூன்றாவதுக்கு அவர் ‘ஆவணம் அனுப்பாவிட்டால் 50 பவுண்டும் கிடைக்காது போலிருக்கிறது’ என்றார். ‘இதற்காகத் தாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை’ என்ற வரி அந்தச் சோதனைக்குப் பிறகுதான் சேர்ந்தது. மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவருக்கு இந்த மாதிரி ஓட்டை கண்ணில் படாது, ஏனென்றால் அவருக்கு விடை முன்பே தெரியும்.

பெண்மணியின் விளக்கம் ஏப்ரல் 28ஆம் தேதி வந்தது, ரஷ்ய மொழியில் ஒரு பக்கம், போலீஸ் புகார் எண்ணோடு. பின் நம்பரை எங்கும் எழுதி வைத்ததில்லை என்றும், அன்று சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் எண் அடிக்கும்போது பின்னால் இருவர் நெருக்கமாக நின்றிருந்தார்கள் என்றும் எழுதியிருந்தார். உண்மையில் 2.05க்குப் பின் நம்பரோடு நடந்த அந்தப் பரிவர்த்தனை முதலிலிருந்தே வங்கியின் பதிவிலேயே இருந்தது. 26 நிமிடம் கழித்து ஏடிஎம்மில் பணம் எடுக்கப்பட்டதும் அங்கேயே இருந்தது. எட்டிப் பார்த்து எண்ணை மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு பர்ஸை எடுப்பது பழைய உத்தி. 2017இன் கட்டணச் சேவை விதிமுறைகளின்படி, சரியான பின் நம்பர் பயன்பட்டது என்ற பதிவு மட்டும் வாடிக்கையாளர் ஒப்புதல் தந்தார் என்றோ, படுமோசமாக அலட்சியம் காட்டினார் என்றோ நிரூபிக்கப் போதுமானதல்ல. நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. ஆகவே மொழிபெயர்ப்பு இருக்கட்டும், வங்கியின் முதல் முடிவே பலவீனமானது என்பது என் கருத்து. எவ்வளவு நல்ல ரஷ்ய மொழியில் எழுதினாலும் அது பலமாகியிருக்காது.

மே 9ஆம் தேதி வங்கி 250 பவுண்டையும் திருப்பித் தந்தது. திருட்டுப் போன கார்டு என்றால் அதிகபட்சம் 35 பவுண்டு வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்று வைக்க விதியில் இடமுண்டு. வங்கி அதைப் பிடிக்கவில்லை. அந்தக் கடிதம் மூன்றே வரி. ‘முழுத் தொகையும் இன்று தங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. தாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்த முடிவிலும் தங்களுக்கு உடன்பாடில்லை என்றால், அக்டோபர் 15க்குப் பிந்தாமல் ஆம்பட்ஸ்மேனிடம் செல்லும் உரிமை தொடர்கிறது.’